நூறு பவுண்டு போனஸ், ஐம்பது ஃப்ரீ ஸ்பின், பத்து சதவீத கேஷ்பேக்: எதன் மதிப்பு எவ்வளவு?

பிரிட்டனில் இணையச் சூதாட்ட நிறுவனங்கள் அனுப்பும் விளம்பரங்களில் மூன்று வகைச் சலுகைகள் மாறி மாறி வருகின்றன. நீங்கள் கட்டும் டெபாசிட்டுக்கு இணையாக 100 பவுண்டு வரை போனஸ் தருகிறோம் என்பது ஒன்று. படங்கள் சுழன்று நிற்கும் ஸ்லாட் விளையாட்டில் 50 ஃப்ரீ ஸ்பின், அதாவது 50 இலவசச் சுழற்சி என்பது இன்னொன்று. இழந்த தொகையில் பத்து சதவீதம் கேஷ்பேக் என்பது மூன்றாவது. இவற்றில் எது பெரியது என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான், ஆனால் அந்த எண்களை அப்படியே வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. நூறு என்பது பவுண்டுக் கணக்கு, ஐம்பது என்பது சுழற்சிகளின் எண்ணிக்கை, பத்து என்பது இன்னும் நேராத இழப்பின் ஒரு பங்கு. மூன்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்தால்தான் ஒப்பிட முடியும். அந்த அலகு எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது இதே சலுகையை மிகப் பலர் எடுத்து ஆடினால் ஆளுக்குச் சராசரியாக எத்தனை பவுண்டு மிஞ்சும் அல்லது குறையும் என்ற கணக்கு.

(இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு சொல்: பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் தடை செய்திருக்கிறது. நான் எழுதுவது உரிமம் பெற்ற பிரிட்டன் சந்தையைப் பற்றி மட்டுமே.)

டெபாசிட் போனஸிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் 100 பவுண்டு கட்டுகிறீர்கள், நிறுவனம் 100 பவுண்டு சேர்க்கிறது, திரையில் 200 தெரிகிறது. ஆனால் அந்தப் போனஸை உடனே எடுக்க முடியாது. அதன் மதிப்பைப் போல இத்தனை மடங்கு பந்தயம் கட்டி முடித்த பிறகுதான் அது உங்கள் பணமாகும். இதைத்தான் வேஜரிங் என்கிறார்கள். முன்பு 35 மடங்கு என்பது சர்வ சாதாரணமாக இருந்தது. பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2026 ஜனவரி 19 முதல் இதைப் போனஸ் தொகையின் பத்து மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பிட்டுவிட்டது.

ஸ்லாட் விளையாட்டு ஒன்றின் ஆர்டிபி 96 சதவீதம் என்றால், கட்டப்படும் ஒவ்வொரு நூறு பவுண்டிலும் சராசரியாக 96 திரும்பி வருகிறது, 4 நிறுவனத்திடம் தங்குகிறது. பழைய 35 மடங்கு விதியில் 3,500 பவுண்டுக்குப் பந்தயம் கட்ட வேண்டியிருந்தது. அதில் நான்கு சதவீதம் 140 பவுண்டு. நூறு பவுண்டு பரிசைப் பெற 140 பவுண்டு செலவு, அதாவது சலுகையின் மதிப்பு கழித்தல் 40. புதிய பத்து மடங்கு விதியில் கட்ட வேண்டியது 1,000 பவுண்டு, எதிர்பார்க்கும் இழப்பு 40, மதிப்பு கூட்டல் 60. இரண்டு விளம்பரங்களிலும் பெரிய எழுத்தில் இருப்பது அதே நூறுதான்.

```
EV = B − B × W × (1 − RTP)
```

இதில் EV என்பது எதிர்பார்ப்பு மதிப்பு, B என்பது போனஸ் தொகை, W என்பது வேஜரிங் மடங்கு, RTP என்பது ஆர்டிபி, 96 சதவீதம் என்றால் 0.96. இந்த வாய்பாட்டிலிருந்து எல்லைக்கோடு ஒன்று கிடைக்கிறது. 96 சதவீத விளையாட்டில் 25 மடங்கில் மதிப்பு பூச்சியமாகிறது. 94 சதவீத விளையாட்டில் ஏறக்குறைய 17 மடங்கிலேயே பூச்சியமாகிவிடும். ஆகவே போனஸ் தொகையைப் பார்ப்பதற்கு முன்பு மடங்கையும் ஆர்டிபியையும் பார்ப்பவர் பாதி வேலையை முடித்துவிட்டார். ஆர்டிபியை விளையாட்டின் உதவிப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே பெயரும் ஒரே படங்களும் கொண்ட ஸ்லாட் வெவ்வேறு தளங்களில் வெவ்வேறு ஆர்டிபியில் ஓடுவது இத்துறையில் வழக்கம். புக் ஆஃப் டெட் என்ற பிரபலமான ஸ்லாட் 96.21 சதவீதத்திலும் இருக்கிறது, அதைவிடக் குறைந்த அமைப்புகளிலும் இருக்கிறது. ஒரு தளத்தில் படித்த எண்ணை இன்னொரு தளத்துக்கு நம்பிக் கொண்டுபோகக் கூடாது.

கூர்மையாகப் பார்ப்பவர்கள் இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்பலாம், அது சரியான ஆட்சேபமும்கூட. 3,500 பவுண்டு பந்தயத்தை எல்லோரும் கட்டி முடிப்பதில்லை. நடுவழியிலேயே பலருடைய இருப்பு காலியாகிவிடும், காலியான பிறகு இழக்க எதுவும் இல்லை. அதனால் வாய்பாட்டில் போட வேண்டியது விதி கேட்கும் மொத்தப் பந்தயம் அல்ல, சராசரியாக உண்மையில் கட்டப்படும் பந்தயம். ஏற்ற இறக்கம் மிகுந்த விளையாட்டில் அந்தச் சராசரி 2,000 பவுண்டாகவே இருந்தால் இழப்பு 80, கழித்தல் 40 என்று நாம் போட்ட கணக்கு கூட்டல் 20 ஆக மாறிவிடும். இதைக் கண்டு மகிழ்வதற்கு முன்பு சிறிய எழுத்தில் உள்ள இரண்டு நிபந்தனைகளைத் தேட வேண்டும். ஒன்று, போனஸிலிருந்து அதிகபட்சம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற உச்ச வரம்பு. பலர் காலியாவதற்கு ஈடாகச் சிலருக்குக் கிடைக்கும் பெரிய வெற்றியைத்தான் அந்த வரம்பு வெட்டி எறிகிறது, ஆகவே மேலே சொன்ன திருத்தம் அதோடு போய்விடும். மற்றொன்று, பணம் எடுக்கும்போது போனஸ் தொகையே கழிக்கப்படும் என்ற விதி. பத்து மடங்கு எடுத்துக்காட்டில் சராசரியாக மிஞ்சும் 160இலிருந்து 100 கழிந்தால் கையில் 60தான், கட்டியதோ 100. இந்த ஒற்றை வரி, கூட்டல் 60ஐக் கழித்தல் 40 ஆக்கிவிடுகிறது.

சராசரி 60 என்பதால் உங்கள் கையில் 60 வந்துசேரும் என்றும் பொருள் இல்லை. ஒரு பவுண்டுப் பந்தயத்தின் திட்ட விலக்கம், அதாவது முடிவு சராசரியிலிருந்து விலகும் வழக்கமான அளவு, 6 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் (ஸ்லாட்டுகளில் இது அசாதாரணம் அல்ல), ஆயிரம் சுழற்சிகளில் அது ஏறக்குறைய 190 பவுண்டாகிறது. 60ஐச் சுற்றி 190 அலைவு என்றால், கட்டிய பணத்தையே முழுதாக இழப்பவர்கள் சிலர் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் கணக்கில் தவறு எதுவும் செய்தவர்கள் அல்லர்.

ஃப்ரீ ஸ்பின் சலுகையை அளக்க அவ்வளவு நேரம் தேவையில்லை, ஏனென்றால் அது பெரும்பாலும் சிறியது. 50 ஸ்பின், ஒவ்வொன்றும் 10 பென்ஸ் என்றால் முகமதிப்பே 5 பவுண்டுதான். 96 சதவீதத்தில் சராசரி வெற்றி 4.80 பவுண்டு. வெற்றித் தொகை நேரடியாகப் பணமாகக் கிடைத்தால் மதிப்பும் அதுவே. அதன்மேல் பத்து மடங்கு வேஜரிங் இருந்தால் 48 பவுண்டு பந்தயத்தில் 1.92 கழிந்து 2.88 மிஞ்சும். இதைப் பெற முதலில் 20 பவுண்டு பந்தயம் கட்ட வேண்டும் என்று நிபந்தனை இருந்தால் அதில் ஒரு 80 பென்ஸ் போய்விடும். ஐம்பது என்று பளிச்சிட்ட சலுகை கடைசியில் இரண்டு பவுண்டுச் சொச்சம். ஒவ்வொரு ஸ்பினும் எத்தனை பென்ஸ் என்று பெரிய எழுத்தில் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லும் விளம்பரத்தை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

மூன்றில் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது கேஷ்பேக். பத்து சதவீதம் திரும்பக் கிடைக்கிறது என்றால் நிறுவனத்தின் நான்கு சதவீத அனுகூலத்தை அது விழுங்கிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த நான்கு சதவீதம் பந்தயத் தொகையின்மேல், இந்தப் பத்து சதவீதமோ இழப்பின்மேல். இரண்டும் வேறு வேறு அடித்தளங்கள். ஆனாலும் கேஷ்பேக்கின் மதிப்பு ஒரே எண் அல்ல, ஆடும் விதத்தைப் பொறுத்து அது வியக்கத்தக்க அளவு மாறுகிறது. ஒற்றைப் பூச்சியம் கொண்ட ஐரோப்பிய ரூலெட்டை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தில் 37 எண்கள் இருக்கின்றன, சிவப்பு 18. சிவப்பில் ஒரே பந்தயமாக 100 பவுண்டு வைத்தால் சராசரி இழப்பு 2.70 பவுண்டு. ஆனால் முழு நூறையும் இழக்கும் வாய்ப்பு 37இல் 19, அப்படி இழந்தால் 10 பவுண்டு திரும்பும். கேஷ்பேக்கின் சராசரி மதிப்பு 5.14 பவுண்டு. நிகரம் கூட்டல் 2.43.

அதே சக்கரத்தில், அதே சிவப்பில், ஒரு பவுண்டாக ஆயிரம் முறை வைப்பவரைப் பாருங்கள். அவருடைய சராசரி இழப்பு 27 பவுண்டு. அவருக்குத் திரும்ப வரும் கேஷ்பேக் சராசரியாக 3 பவுண்டு. நிகரம் கழித்தல் 24. சலுகை ஒன்றுதான், விளையாட்டும் ஒன்றுதான். ஒருவருக்கு வெற்றி முழுதாகக் கையில் நிற்கிறது, இழப்பில் மட்டும் தள்ளுபடி கிடைக்கிறது. மற்றவருக்கு வெற்றியும் இழப்பும் ஒன்றையொன்று தின்று, கடைசியில் மீந்த நிகர இழப்பில்தான் தள்ளுபடி. கேஷ்பேக் நாள்தோறும் கணக்கிடப்படுகிறதா, மாதத்துக்கு ஒருமுறையா என்பது முக்கியமாவதும் இதே காரணத்தால்தான். காலம் நீள நீள, வென்ற நாள்கள் இழந்த நாள்களை ஈடுகட்டிக் கேஷ்பேக்கைக் கரைத்துவிடும். நிறுவனங்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும், அதனால் ரூலெட்டை விலக்குவது, குறைந்தது இத்தனை சுற்று ஆடியிருக்க வேண்டும் என்பது, திரும்பும் தொகையைப் பணமாகத் தராமல் வேஜரிங் உள்ள போனஸாகத் தருவது ஆகிய நிபந்தனைகள் வருகின்றன. பத்து மடங்கு வேஜரிங்குடன் வரும் 10 பவுண்டு கேஷ்பேக்கை, 96 சதவீத ஸ்லாட்டில் ஆடுபவர் 6 பவுண்டாகவே எண்ண வேண்டும்.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது இது. பத்து மடங்கு வேஜரிங், உச்ச வரம்பு இல்லை, போனஸ் கழிக்கப்படாது என்ற மூன்றும் உறுதியானால் டெபாசிட் போனஸ்தான் மற்ற இரண்டையும்விட வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ஆனால் அந்த 60 பவுண்டு, ஆயிரமாவது பவுண்டைக் கட்டியதும் நிறுத்துபவருக்கு மட்டுமே உரியது. அதற்குப் பிறகு சலுகை எதுவும் இல்லை, பழைய நான்கு சதவீதம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மேலும் 1,500 பவுண்டு பந்தயம் கட்டினால் அந்த 60உம் சராசரியாகத் தீர்ந்துபோகும். பிரிட்டனில் ஸ்லாட் சுழற்சி ஒன்று இரண்டரை நொடிக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த அதிகபட்ச வேகத்தில் பவுண்டு பவுண்டாக ஆடினால் அதற்குத் தேவைப்படும் நேரம் ஒரு மணியும் இரண்டரை நிமிடமும்.