"பை-அவுட் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்ன அந்த வாய்

மூன்று மாதமாக வயிற்றில் கிடந்து எரிவதை இன்று கொட்டித் தீர்த்துவிடுகிறேன். வேலை மாறப் போகிற யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு, ராஜினாமா மெயிலை அனுப்பும் முன் ஒரு நாள் நிறுத்தினால்கூடப் போதும்.

எனக்குப் பழைய கம்பெனியில் 90 நாள் நோட்டீஸ். புதிய இடத்தில் எல்லா ரவுண்டும் முடிந்து, சம்பளமும் பேசியாகிவிட்டது. கடைசியில் எச்.ஆர். பெண் கேட்டார்: "எப்போது சேர முடியும்?" 90 நாள் ஆகும் என்றேன். "அய்யய்யோ, அவ்வளவு நாள் முடியாது. புராஜெக்ட் தொடங்கப் போகிறது. 45 நாளில் வாருங்கள். மீதி நோட்டீஸுக்கு பை-அவுட் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." வேலை செய்யாமல் விடும் நோட்டீஸ் நாட்களுக்காகப் பழைய கம்பெனிக்குக் கட்டும் பணம்தான் பை-அவுட். நானும் நம்பினேன். ஜூன் 2-ஆம் தேதி ராஜினாமா கொடுத்தேன். ஜூலை 17 ஜாயினிங் தேதி.

'பார்த்துக்கொள்கிறோம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். மொத்தச் சம்பளக் கணக்கிலா, பேசிக் கணக்கிலா? எத்தனை நாளுக்கு? யார் முதலில் கட்டுவது? எப்போது கைக்கு வரும்? இவற்றுக்கு அவர்களிடம் தயாராகப் பதில் இருக்கிறது. எல்லாம் பாலிசியில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நாம் ராஜினாமா கொடுக்கும் வரை அதை வாய் திறந்து சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு நடந்த கணக்கைச் சொல்கிறேன். என் பழைய மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பேசிக் 40. மீதியெல்லாம் அலவன்ஸ். குறைந்த நோட்டீஸ் 45 நாள், அதாவது ஒன்றரை மாதம். பழைய கம்பெனி அதை மொத்தச் சம்பளக் கணக்கில் பிடித்தது. ஆக 150. புதிய கம்பெனியின் பாலிசியோ இப்படி இருக்கிறது: அதிகபட்சம் 30 நாள், அதுவும் பேசிக் மட்டும். ஆக 40. அந்த 40-உம் சம்பளத்தோடு சேர்ந்து வருவதால் அதற்கும் வரி. 30 சதவீதம் போனால் என் கைக்கு வந்தது 28. போனது 150, வந்தது 28. 122 என் தலையில். ஒரு மாதம் முழுக்க உழைத்த சம்பளத்தை விடவும் அதிகம், யாரோ ஒருவர் போனில் 'பார்த்துக்கொள்கிறோம்' என்று சொன்னதற்காக.

இதில் இன்னும் ஒரு கொள்ளி. 12 மாதத்துக்குள் நான் விலகினால் அந்தத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். எவ்வளவு? என் கைக்கு வந்த 28 அல்ல. முழு 40. மாதம் ஆக ஆகக் குறைத்துக்கொண்டு வருவதும் கிடையாது. பதினோராவது மாதம் போனாலும் முழுசாகக் கட்ட வேண்டும். கேட்டால், "எல்லோருக்கும் ஸ்டாண்டர்ட் கண்டிஷன் சார்" என்கிறார்கள்.

பழைய கம்பெனியும் லேசுப்பட்டதல்ல. பை-அவுட் என்பது நாம் பணத்தைக் கட்டிவிட்டு எழுந்து போகிற உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது: 'நிர்வாகம் ஒப்புக்கொண்டால்' என்று ஒரு வரி. மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் பணமே வாங்குவார்கள். அவர் போடவில்லை. வேலையை ஒப்படைக்க ஆள் வரவில்லை என்றார். ஆள் வந்ததும், அவர் கற்றுக்கொள்ளவில்லை என்றார். கடைசியில் ஜூலை 9-ஆம் தேதிதான் ஒப்புதல் வந்தது. சேர வேண்டிய தேதிக்கு எட்டு நாள் முன்பு!

அந்த ஐந்து வாரமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தப் பக்கம் மேனேஜர் விடமாட்டேன் என்கிறார். அந்தப் பக்கம் எச்.ஆர். பெண் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் செய்து, "17 உறுதிதானே? இல்லையென்றால் அடுத்த ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்" என்கிறார். ஆஃபர் லெட்டரின் மூன்றாம் பக்கத்தில், குறித்த தேதியில் சேராவிட்டால் ஆஃபர் தானாகவே ரத்து என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். இருக்கிற வேலையை எழுதிக் கொடுத்தாயிற்று. வரப்போகிற வேலை ஒரு தேதியில் தொங்குகிறது. இந்த நிலைமையில் ஒருவனை நிறுத்தி வைத்துக்கொண்டு பேசுவதற்குப் பெயர் பேச்சுவார்த்தையா?

ஒரு நாள் துணிந்து கேட்டேன். "மூன்று வாரம் தள்ளிப் போட முடியுமா? பை-அவுட் பணமும் உங்களுக்குக் குறையுமே." முடியவே முடியாது, கிளையன்ட் காத்திருக்கிறார் என்றார். சரி என்று வாயை மூடிக்கொண்டேன். அங்கே நான் செய்த தவறு, அந்தப் பதிலை போனிலேயே வாங்கிக்கொண்டது. மெயிலில் கேட்டிருந்தால் அவர் தன் மேலே இருப்பவரையும், வேலை கொடுக்கும் டீம் மேனேஜரையும் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும். எச்.ஆருக்கு ஒரு கணக்கு இருக்கிறது: இந்த மாதம் இத்தனை பேரைச் சேர்த்தாக வேண்டும் என்ற டார்கெட். டீம் மேனேஜருக்கு வேறு கணக்கு: சரியான ஆள் வேண்டும், மூன்று வாரம் தள்ளினாலும் பரவாயில்லை. நாம் பேசுவது எப்போதும் முதல் ஆளிடம்தான். இரண்டாவது ஆளிடம் நம் கேள்வி போய்ச் சேருவதே இல்லை.

செட்டில்மென்ட் தாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடைசி நாளுக்குப் பிறகு 44-ஆம் நாள் அது வந்தது. ஒரே தாளில் இரண்டு வரி, ஒன்றன் கீழ் ஒன்று. 'மீதமுள்ள விடுப்பு, 18 நாள், பேசிக் கணக்கில்.' அதன் கீழே, 'குறைந்த நோட்டீஸ், 45 நாள், மொத்தச் சம்பளக் கணக்கில்.' நான் அவர்களுக்குத் தர வேண்டிய ஒரு நாளுக்கு ஒரு விலை. அவர்கள் எனக்குத் தர வேண்டிய அதே ஒரு நாளுக்கு அதில் பாதிகூட இல்லை! அந்த 18 நாளையும் நோட்டீஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். கழித்திருந்தால் எனக்கு 60 மிச்சமாகியிருக்கும். பாலிசியில் இடமில்லை என்றார்கள். விடுப்புப் பணமாகக் கிடைத்தது 24. பாடுபட்டு எடுக்காமல் சேர்த்து வைத்த விடுப்பு அது. காய்ச்சலோடு லாகின் செய்த நாட்களெல்லாம் அதில் இருக்கின்றன.

அப்புறம் ரசீது கூத்து. பை-அவுட் பணத்தைத் திரும்பப் பெற, பழைய கம்பெனி கொடுத்த ரசீது வேண்டும் என்றது புதிய கம்பெனி. அப்படி ஒரு ரசீதை யாரும் கொடுப்பதில்லை. கடைசிச் சம்பளத்திலும் விடுப்புப் பணத்திலும் பிடித்ததுபோக மீதியைத்தான் நான் கட்டினேன். கட்டினால்தான் ரிலீவிங் லெட்டர் என்றார்கள். என் வங்கிக் கணக்கில் தெரிவது அந்த மீதி மட்டும்தான். மொத்தமும் தெரிகிற ஒரே காகிதம் செட்டில்மென்ட் தாள். அது வரும்வரை புதிய கம்பெனி விண்ணப்பத்தையே தொடவில்லை. சேர்ந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் பணம் கிடையாது என்ற விதி வேறு. தாள் இன்னும் இரண்டரை வாரம் தாமதித்திருந்தால் அந்த 28-உம் போயிருக்கும்.

இதையெல்லாம்கூட விழுங்கியிருப்பேன். என்னால் விழுங்க முடியாதது இதுதான்: ஜூலை 17-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு அடித்துப் பிடித்துப் போய் உட்கார்ந்தேன். லேப்டாப் இல்லை. டீம் மேனேஜர் விடுமுறையில். லேப்டாப் கைக்கு வந்தது பன்னிரண்டாவது வேலை நாளில். புராஜெக்டுக்கு கிளையன்ட் ஒப்புதலே வரவில்லை, ஆகஸ்ட் கடைசியில்தான் தொடக்கம் என்று அப்புறம் தெரிந்தது. நான் கேட்ட மூன்று வாரத்தை அவர்கள் கேன்டீனில் உட்கார வைத்துக் கழித்தார்கள். அந்த மூன்று வாரத்துக்கு நான் என் பையிலிருந்து பணம் கட்டியிருக்கிறேன்! சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட தாளில் என் புதிய நோட்டீஸ் எத்தனை நாள் தெரியுமா? 90. வரும்போது 90 நாள் காத்திருக்க முடியாதவர்கள், போகும்போது 90 நாள் பிடித்து வைப்பார்கள்.

வேலை மாறுகிறவர்களே, ஆஃபரை ஏற்று மெயில் போடும் முன், ராஜினாமா கொடுக்கும் முன், இதை எழுத்தில் வாங்குங்கள். பை-அவுட் எத்தனை நாளுக்கு, பேசிக்கா மொத்தமா, எந்த மாதச் சம்பளத்தில் வரும், எந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டும், வரியை யார் ஏற்பது, இடையில் விலகினால் எவ்வளவு திருப்ப வேண்டும். உங்கள் பழைய கம்பெனியின் செட்டில்மென்ட் எந்தக் கணக்கில் என்று உங்கள் லெட்டரிலேயே இருக்கும், அதையும் எடுத்துப் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்தால் வருவதுதான் உங்கள் தலையில் விழும் தொகை. அதை ஜாயினிங் போனஸாகக் கேளுங்கள், இல்லையென்றால் தேதியைத் தள்ளச் சொல்லுங்கள். ஜாயினிங் தேதி என்ற இடத்தில் ஒரு நாளைக் குறிக்காமல், 'ரிலீவ் ஆன மறு வேலை நாள்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் இன்னும் கையில் ஒரு வேலை இருக்கிறது. ராஜினாமா கொடுத்த மறு நிமிடம் அந்த பலம் போய்விடும். எனக்குப் போனது.

செப்டம்பர் 1-ஆம் தேதி எங்கள் டீமில் இன்னொருவர் சேர்ந்தார். எனக்கு ஆஃபர் வந்த அதே வாரம் அவருக்கும் வந்ததாம். அவருக்கும் 90 நாள், அவரிடமும் 45 நாளில் வரச் சொல்லியிருக்கிறார்கள், அதே கிளையன்ட் கதை. "செப்டம்பர் 1 என்று தேதி மாற்றிய லெட்டர் அனுப்புங்கள், அதைப் பார்த்த பிறகுதான் ராஜினாமா கொடுப்பேன்" என்று ஒரே ஒரு மெயில் போட்டிருக்கிறார். அன்று மாலையே மாற்றிய லெட்டர் வந்துவிட்டதாம். அவர் கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை. லேப்டாப்பும் முதல் நாளே மேஜையில் இருந்தது.