கைதட்டல் அல்ல, கை வைத்துச் செய்வது

"பெரியவர்களுக்குக் கற்பிக்கும்போது ‘உங்களால் முடியும்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதும், நம்பிக்கை தானாக வரும்."

இது பாதிதான் சரி. ஊக்கச் சொல்லுக்குப் பயன் உண்டு, ஆனால் அடுத்த தோல்வியிலேயே அது கரைந்துவிடும். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் குழு 1977இல் பாம்பைக் கண்டு நடுங்கும் பெரியவர்களை வைத்துச் செய்த சோதனையைப் பாருங்கள். ஒரு குழு, இன்னொருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்க்க மட்டும் செய்தது. மற்றொரு குழு உதவியோடு படிப்படியாகத் தானே தொட்டது, பிடித்தது. தானே செய்தவர்களிடம்தான் நம்பிக்கை அதிகம் வளர்ந்தது. பழக்கமில்லாத வேறு வகைப் பாம்பிடமும் அது கைகொடுத்தது.

இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று: உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும். என் மாலை வகுப்பில் ஒரு அம்மா மூன்று வாரம் என் விரலைப் பின்தொடர்ந்தே வாசித்தார். ‘நீங்க இருக்கீங்க, அதான் வருது’ என்றார். விரலை எடுத்தேன். ‘பழநி’ என்ற பேருந்துப் பலகையைத் தானே படித்தார். மறுநாள் அவரே அடுத்த பலகையைக் கேட்டார்.

நீச்சல் கற்றவர்களே, உங்கள் மிதவையைக் கழற்றிய நாள் எது? எல்லோருக்கும் அது ஒரே நாளில் வருமா என்பதை என்னாலும் சொல்ல முடியவில்லை.