ஒரு சனிக்கிழமைக்கு நான்கு பேர் போதும்

எங்கள் துறையில் பிளேஸ்மென்ட் வேலையைப் பார்க்கிறவன் நான். ஒரு விஷயத்தை மனதில் வைத்திருக்க முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

போன வருடம் சென்னையில் பெரிய பொறுப்பில் இருக்கும் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர், இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு மாக் இண்டர்வியூ எடுக்க ஒரு சனிக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை ஒதுக்கித் தந்தார். ஒரு பைசா வாங்கவில்லை. நாங்கள் 18 பேரை, ஆளுக்கு 10 நிமிடம் என்று போட்டோம். முதல் பையனோடு ப்ராஜெக்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் 25 நிமிடம் எடுத்துக்கொண்டார். அது அவர் தப்பில்லை, உண்மையான இண்டர்வியூ அப்படித்தான் போகும். ஆனால் வராந்தாவில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் வேகவேகமாகக் கேட்டு அனுப்பினார், மதியச் சாப்பாடும் இல்லாமல் இரண்டரை வரை உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் மதிப்பீட்டுத் தாள்களைப் புரட்டினால் கடைசிப் பத்துப் பேருக்கும் ஒரே வரி: ‘கான்ஃபிடென்ஸ் வேண்டும்’. எல்லாருக்கும் ஒரே குறை எழுதப்பட்டிருந்தால் நேரம் போதவில்லை என்றுதான் அர்த்தம்.

அதனால் இந்த வருடம் அவருடைய நேரத்திலிருந்து கணக்கை ஆரம்பித்தேன். 180 நிமிடம். கேள்விக்கு 25, எங்கே தடுமாறினாய் என்று உட்கார வைத்துச் சொல்ல 10, அவர் குறிப்பு எழுதித் தண்ணீர் குடிக்க 5. ஆளுக்கு 40 என்றால் நான்கு பேருக்கு 160. மீதி 20 நிமிடத்தை எதற்கும் ஒதுக்காமல் விட்டேன், யாராவது இழுத்தால் அது தாங்கிக்கொள்ளும். எங்கள் பிரிவில் 52 பேர் இருக்கிறார்களே என்று சத்தம் வந்தது. சரி, இருக்கிறார்கள். ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்ற கேள்விக்கே திணறுகிறவர்களை நாங்களே இரண்டு சுற்று உட்கார வைத்துப் பழக்க முடியும், அதற்கு அவ்வளவு அனுபவசாலியின் நேரத்தைச் செலவழிக்கக் கூடாது. அதைத் தாண்டியவர்கள்தான் அவரிடம் போக வேண்டும்.

தேதி கேட்கும்போதும் ‘உங்களுக்கு எப்போ வசதி சார்?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். காலண்டரைத் துழாவும் வேலையை அவர் தலையில் கட்டுகிற கேள்வி அது. இரண்டு சனிக்கிழமைகளைக் குறிப்பிட்டு, எது சரிப்படும் என்று கேட்டால் ஒரே பதிலில் முடிந்துவிடுகிறது. அந்த இரண்டுமே கம்பெனி வருவதற்குப் பத்து நாளாவது முன்னால் இருக்க வேண்டும். முந்தின நாள் வைத்தால் அவர் சொன்ன குறையைத் திருத்த எங்கே நேரம்? பிள்ளை பயந்துபோவதுதான் மிச்சம். ரெஸ்யூமேக்களை வியாழக்கிழமையே வரிசைப்படி ஒரே பிடிஎஃப்பாக அனுப்பிவிடுகிறேன்.

அப்புறம், ஐந்தாவதாக ஒருவர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும், அவருடைய ரெஸ்யூமேயும் அந்த பிடிஎஃப்பின் கடைசியில் இருக்கும். போன மாதம் 11.20-க்கு வர வேண்டிய பையன் பஸ்ஸில் மாட்டிக்கொண்டான். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, காத்திருந்த பெண்ணை உள்ளே அனுப்பினேன். அவள் தாளில் மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்: டேட்டாபேஸ் ஜாயின் எங்கே குழம்பியது, ப்ராஜெக்டில் தன் பங்கு எது என்று சொல்லாமல் ‘நாங்கள் செய்தோம்’ என்றே பேசியது, எல்லாம்.

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது எழுந்தார். அடுத்த மாதம் எந்தச் சனிக்கிழமை என்று அவரே கேட்டார்.