எந்தத் துறைக்கு எந்த வயது?

விஞ்ஞானத்தில் பெரிதாகச் செய்ய வேண்டுமென்றால் முப்பது வயதுக்குள் செய்துவிட வேண்டும் என்ற பேச்சுக்கு 1920களின் இயற்பியல் ஒரு பெரிய காரணம். 1925இல் குவாண்டம் இயக்கவியலுக்கு வழிதிறந்தபோது ஹைசன்பெர்க்குக்கு வயது 23. டிராக் தன் சமன்பாட்டை வெளியிட்டபோது 25. அந்தக் கோட்பாடு அப்போதுதான் பிறந்திருந்தது. படித்துத் தீர்க்க வேண்டிய பழைய பாடம் குறைவு, அதில் ஊறாதவர்களுக்கே அது வசதி. பொருளாதார ஆய்வாளர்கள் பெஞ்சமின் ஜோன்ஸும் புரூஸ் வெயின்பெர்க்கும் நோபல் பரிசாளர்களின் வயதைத் தொகுத்துப் பார்த்தார்கள். இயற்பியலில் இளையவர்களின் பங்கு அந்த ஆண்டுகளில் ஏறி, பிறகு இறங்கிவிட்டது. முப்பது வயதுக்குள் பரிசுக்குரிய வேலையை முடிப்பது நூற்றாண்டின் இறுதியில் அநேகமாக இல்லாமலே போனது.

அந்தப் பழைய கணக்கைத்தான் இன்று எங்கள் காரைக்குடியில் ஒரு பெண்ணின் தலையில் கட்டுகிறார்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்துக் கொண்டுவந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருக்கிற ஊர் இது. உறவுப் பெண் ஒருத்தி 31 வயதில் பேட்டரி ஆய்வில் சேர நினைக்கிறாள். "இனிமே போயி என்னத்தக் கண்டுபிடிக்கப் போறா?" என்கிறார் ஒரு ஆச்சி. எனக்குக் கோபமே வந்தது.

பேட்டரிக்காரர்களுக்கு, லித்தியம் பேட்டரிக்கு வழிதிறந்த ஜான் குட்இனஃப் கதை தெரியும். 1922இல் பிறந்தவர், போரில் வானிலை வேலை பார்த்துவிட்டு இயற்பியல் முனைவர் பட்டம் வாங்கும்போது முப்பதை ஒட்டிய வயது. அப்புறம் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல். கணினி நினைவகத்துக்காக உலோக ஆக்சைடுகளின் காந்தத்தன்மையை ஆராய்ந்தார். பேட்டரிக்கும் அதற்கும் அப்போது சம்பந்தமே தெரியாது. 1976இல் ஆக்ஸ்ஃபோர்டு போனார். அப்போதிருந்த லித்தியம் பேட்டரியில் நேர்மின்முனை டைட்டானியம் சல்பைடு, மின்னழுத்தம் இரண்டரை வோல்ட்டுக்கு மேல் போகவில்லை. கந்தகத்தின் எலக்ட்ரான் மட்டத்தைவிட ஆக்சிஜனுடையது தாழ்ந்தது, ஆகவே ஆக்சைடு கூடுதல் அழுத்தம் தாங்கும் என்று அவருக்குக் கையிருப்பாகத் தெரிந்திருந்தது. சார்ஜ் ஏற்றும்போது நேர்மின்முனையிலிருந்து லித்தியம் வெளியேறும், அதை எவ்வளவு உருவினால் படிக அடுக்கு குலையும் என்பதுதான் கேள்வி. அவர் குழுவில் இருந்த மிசுஷிமாவும் மற்றவர்களும் உருவிப் பார்த்தார்கள். கோபால்ட் ஆக்சைடு பாதி லித்தியம் போன பிறகும் நின்றது, 4 வோல்ட் கிடைத்தது. 1980, அவருக்கு 57. இரும்பு பாஸ்பேட் மின்முனைக் கட்டுரை வரும்போது எழுபதைத் தாண்டியிருந்தார். 97 வயதில் நோபல்.

அந்த இருபது ஆண்டு ஆக்சைடு அறிவு இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவரிடம் எப்படி இருக்கும்? கோட்பாட்டில் ஒரு யோசனை பழையதைத் தூக்கி எறியலாம். பொருளறிவியலிலோ ஒவ்வொரு பொருளையும் சுட்டு, அரைத்து, அளந்து பார்த்துச் சேர்த்த அறிவுதான் அடுத்த பொருளைக் காட்டுகிறது. இதைச் சொல்லி எல்லாரும் அறுபதில் மலர்வார்கள் என்று நான் வாதிடவில்லை. அவரைப்போல் உழைத்தும் எதுவும் கிடைக்காதவர்கள் நிறைய இருப்பார்கள், அவர்கள் பெயர் நம் காதுக்கு வராது.

ஆனால் உதவித்தொகைக்கான வயது வரம்பு எனக்கு உறுத்துகிறது. சி.எஸ்.ஐ.ஆர். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குப் பொது வரம்பு 30. பெண்களுக்குத் தளர்வு உண்டு, அதனால் எங்கள் பெண் தப்பித்தாள். யோசனையே முதலான கணிதத்துக்கும் ஆய்வகத்தில் அறிவு சேர வேண்டிய வேதியியலுக்கும் ஒரே வரம்பு வைத்திருப்பது சரியில்லை. வேதியியலுக்காவது அதை உயர்த்த வேண்டும்.