பட்டா கையில் இருக்கிறது, வீடு கட்ட முடியாது

சித்தப்பாவின் மனை விவகாரத்தைப் பற்றி ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போன வாரம் நண்பர் ஒருவர் உப்பங்கழி ஓரத்தில் ஒரு இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன் என்று போன் செய்தார். பத்திரம் சுத்தம், பட்டா பெயரில் இருக்கிறது, முப்பது வருட வில்லங்கம் பார்த்தாச்சு, வேறென்ன வேண்டும் என்று கேட்டார். சித்தப்பாவும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார், அதனால் இனியும் தள்ளிப்போடவில்லை.

அவர் வாங்கியது சென்னைக்குத் தெற்கே ஒரு ஊராட்சியில், கடலிலிருந்து மூன்றரை கிலோமீட்டர் உள்ளே தள்ளி. அகலம் 15 மீட்டர், ஆழம் 45 மீட்டர், கிட்டத்தட்ட மூன்று கிரவுண்ட். முன்பக்கம் ரோடு, பின்பக்கம் சற்றுத் தள்ளி உப்பங்கழி. ஓய்வுபெற்ற பணத்தில் வாங்கினார், பக்கத்து மனைக்கு என்ன வழிகாட்டி மதிப்போ அதே மதிப்பில் முத்திரைத் தீர்வை கட்டினார். பதிவுக்கு யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஒரு வருடம் கழித்து, 2021-இல், வீட்டுக்கு பிளான் போட்டு அனுமதிக்குக் கொடுத்தபோதுதான் இது சி.ஆர்.இசட். எனப்படும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலப் பகுதி என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கடலே கண்ணில் படாத இடத்துக்குக் கடற்கரைச் சட்டமா என்று அவர் அன்று கேட்டதை நாங்கள் யாரும் மறக்கவில்லை.

ஆமாம், பொருந்தும். இதுதான் பெரும்பாலான மக்களுக்குத் தெரியாத விஷயம். 1991 பிப்ரவரி 19-ஆம் தேதி வந்த முதல் அறிவிக்கையிலிருந்தே கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்பது கடல் ஓரம் மட்டும் இல்லை, கடல் ஏற்றத்தால் நீர் ஏறி இறங்கும் ஆறு, கழி, ஓடை எல்லாவற்றின் கரையும் சேர்த்துத்தான். எவ்வளவு தூரம் உள்ளே வரைக்கும் என்பதை உப்பு வைத்துத் தீர்மானிக்கிறார்கள். வருடத்தின் மிக வறண்ட காலத்தில் தண்ணீரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம் வரை அந்த நீர்நிலை கடலின் நீட்சியாகவே கணக்கு. கரையில் பனை நிற்கிறதா, மாடு மேய்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வராது.

சரி, கரையிலிருந்து எவ்வளவு தூரம்? இங்கேதான் சித்தப்பாவின் கதை சிக்குகிறது. 2011 அறிவிக்கைப்படி இப்படிப்பட்ட நீர்நிலை ஓரத்தில் 100 மீட்டர் அல்லது அந்தக் கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019 ஜனவரியில் வந்த அறிவிக்கை அந்த 100-ஐ 50 ஆக்கியது, அகலம் அதைவிடக் குறைவாக இருந்தால் அகலமே எல்லை. கிராமப்புறம் என்று வகைப்படுத்தப்பட்ட பகுதியில் இந்தப் பட்டைக்குள் புதிதாக வீடு கட்ட முடியாது. விவசாயம் செய்யலாம், தோட்டம் போடலாம், ஏற்கெனவே முறையாக அனுமதி வாங்கிக் கட்டிய வீட்டைப் பழைய அளவு மீறாமல் சரிசெய்யலாம். அவ்வளவுதான்.

சித்தப்பா மனைக்குப் பின்னால் கழியின் அகலம் 80 மீட்டர். அவர் சித்திரை மாதத்தில் போய் நின்று பார்த்தபோது தண்ணீர் 35 மீட்டருக்கு அப்பால் இருந்தது, நானும் கூட இருந்தேன். ஆனால் அளப்பது நாம் நின்று பார்க்கும் தண்ணீரிலிருந்து இல்லை, கடல் ஏற்றத்தில் நீர் அதிகபட்சம் எட்டும் உயர் அலைக் கோட்டிலிருந்து. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் மட்டும்தான் அந்தக் கோட்டைக் குறிக்கலாம். அவர்களிடம் பணம் கட்டி, சர்வே எண்ணை வரைபடத்தின் மேல் பொருத்தி வாங்கினோம். கோடு எங்கே வந்தது தெரியுமா? நாங்கள் தண்ணீர் பார்த்த இடத்திலிருந்து 13 மீட்டர் நிலத்தின் பக்கம் உள்ளே, இரண்டு பனைக்கு நடுவில், புல் முளைத்துக் காய்ந்து கிடந்த தரையில். அங்கே ஒரு முளைக்குச்சி அடித்து சிவப்பு பெயின்ட் பூசிவிட்டுப் போனார்கள். சித்தப்பா அந்தக் குச்சிப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் குச்சியிலிருந்து மனையின் பின் எல்லை 22 மீட்டரில் ஆரம்பித்து, ரோட்டோர எல்லை 67 மீட்டரில் முடிகிறது. 2011 கணக்குப்படி தடை 80 மீட்டர் வரை, ஆக மனை முழுவதும் உள்ளே போய்விட்டது, ஒரு செங்கல் வைக்க இடமில்லை. 2019 கணக்குப்படி தடை 50 மீட்டரோடு முடிகிறது, ஆக ரோட்டை ஒட்டி 17 மீட்டர் ஆழத்துக்கு மனை தப்பிக்கிறது. 15-க்கு 17, அளவான ஒரு வீட்டுக்குத் தாராளமாகப் போதும்.

அப்புறம் என்ன, 2021-இல் 2019 விதிதானே நடப்பு என்று கேட்பீர்கள். நாங்களும் அதைத்தான் கேட்டோம். புதிய அறிவிக்கை நடைமுறைக்கு வர வேண்டுமானால் அதன்படி மாநிலத்தின் கடற்கரை மேலாண்மை வரைபடம் புதிதாகத் தயாராகி, மக்கள் கருத்துக் கேட்டு, ஒன்றிய அரசு ஒப்புதல் தர வேண்டும். அது ஆகும்வரை பழைய 2011 வரைபடமே ஆட்சி செய்யும் என்று அந்த அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் தமிழ்நாட்டுக்கு ஒப்புதல் ஆகியிருக்கவில்லை. சட்டம் தளர்ந்துவிட்டது என்று தரகர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அந்தத் தளர்வு சித்தப்பாவின் சர்வே எண்ணுக்கு அன்று வந்து சேரவில்லை.

இங்கே என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமென்டில் நான் ஏரியை மூடச் சொல்கிறேன் என்று வந்துவிடுவார்கள். இந்தப் பட்டைகள் வேண்டும். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தவர்களில் என் தங்கை குடும்பமும் உண்டு. தண்ணீருக்கு ஒதுங்க இடம் வேண்டும், அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. என் கோபம் கோட்டின் மேல் இல்லை. அந்தக் கோடு வாங்குபவன் கண்ணில் படும் எந்தத் தாளிலும் இல்லையே, அதன் மேல்தான். பட்டாவில் இல்லை, சிட்டாவில் இல்லை, எஃப்.எம்.பி. எனப்படும் நில அளவை வரைபடத்தில் இல்லை, வில்லங்கச் சான்றிதழில் இல்லவே இல்லை. இதில் வருவதெல்லாம் கடன், அடமானம், விற்பனை போன்ற பதிவான பத்திரங்கள் மட்டும். அரசு ஒரு கையால் முழு மதிப்புக்கும் தீர்வை வாங்கிப் பதிவு செய்து கொடுக்கிறது, இன்னொரு கையால் அதே நிலத்தில் கட்டாதே என்கிறது, இரண்டு கைக்கும் இடையில் பேச்சுவார்த்தையே கிடையாது. நிலத்தைக் கையகப்படுத்தினால் இழப்பீடு உண்டு, இது வெறும் பயன்பாட்டுக் கட்டுப்பாடு என்பதால் ஒரு ரூபாயும் கிடையாது. பொதுநன்மைக்காக ஒரு தனிமனிதனின் நிலத்தைச் சும்மா வைத்திருக்கச் சொல்லும்போது முன்கூட்டியே சொல்லும் கடமையாவது இருக்க வேண்டாமா?

அனுமதியே கிடைத்துவிட்டால் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள், அது இன்னும் பெரிய ஆபத்து. கொச்சி பக்கத்தில் மரடு ஞாபகம் இருக்கிறதா? உள்ளாட்சி கொடுத்த கட்டட அனுமதியோடு எழும்பிய நான்கு அடுக்குமாடி வளாகங்கள். அனுமதி தந்த காலத்தில் அந்த இடம் சி.ஆர்.இசட். மூன்றாம் வகையில், அதாவது மேலே சொன்ன கிராமப்புற வகையில் இருந்தது, கடற்கரை மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதல் இல்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வீடு வாங்கியவர்கள் கையில் பத்திரம், வரி ரசீது, வங்கிக் கடன் எல்லாம் இருந்தது. சொந்தக் குடியிருப்புக்காக 300 சதுர மீட்டருக்குள் கட்டும் வீட்டுக்கு உள்ளாட்சியே ஒப்புதல் தரலாம், ஆணையத்தின் பரிந்துரை தேவையில்லை என்று 2019 விதி சொல்கிறது, ஆனால் சி.ஆர்.இசட். விதியைச் சரிபார்க்கும் பொறுப்பையும் அந்த உள்ளாட்சியின் தலையிலேயே வைக்கிறது. உயர் அலைக் கோட்டு வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை ஊராட்சியில் இருக்கிறார்? தெரியாமல் கையெழுத்துப் போட்டால் பின்னால் மாட்டுவது கட்டியவர்தான்.

ஏரிப் பக்கம் வந்தால் கோடு நிலையாகக்கூட நிற்பதில்லை. பெங்களூரில் மாஸ்டர் பிளான்படி ஏரிக்கு 30 மீட்டர் இருந்தது, 2016 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 75 ஆக்கியது, 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நடுவில் அந்த மூன்று வருடம் 30-க்கும் 75-க்கும் இடையில் மனை வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். நம்ம ஊரில் பள்ளிக்கரணை. 2022-இல் ராம்சார் தளமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற சதுப்பு நிலம். 2025 செப்டம்பரில் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு, சதுப்பு நிலத்தின் தாக்கப் பகுதி எது என்று ஆய்வு செய்து முடிக்கும்வரை தளத்துக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டட அனுமதி தரக்கூடாது என்றது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு என்ன நடந்தது என்று தெரிந்த யாரும் அந்தக் கவலையைத் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த 1 கிலோமீட்டருக்குள் பல வருடங்களுக்கு முன்பே அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் அரை கிரவுண்ட் வாங்கி வைத்தவரும் இருக்கிறார், ஏக்கர் கணக்கில் அடுக்குமாடி போடுபவரும் இருக்கிறார். எல்லை வரைந்து முடிக்கும்வரை இருவருக்கும் ஒரே பதில்தான். பெரிய நிறுவனம் வக்கீல் வைத்துக் காத்திருக்கும். வாடகையும் வட்டியும் சேர்த்துக் கட்டுபவர் எத்தனை மாதம் காத்திருப்பார்?

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். வரைபடங்கள் சர்வே எண் அளவிலேயே தயாராகின்றன. அந்த எண்களை எடுத்துப் பட்டாவில் ஒரு வரி சேர்க்கட்டும்: இந்த நிலத்தில் இத்தனை மீட்டர் தடைப் பகுதியில் வருகிறது என்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த வரி வாங்குபவருக்குப் படித்துக் காட்டப்படட்டும். கட்ட முடியாத நிலத்துக்கு மனை விலையில் வழிகாட்டி மதிப்பு வைப்பதை நிறுத்தட்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் சித்தப்பா அந்த மனையை வாங்கியிருக்க மாட்டார், அல்லது தோட்ட விலைக்கு வாங்கியிருப்பார்.

நண்பரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். அட்வான்ஸுக்கு முன்னால் விற்பவரிடம் சர்வே எண் பொருத்திய கடற்கரை மேலாண்மை வரைபடத்தைக் கேளுங்கள், எந்த வருட அறிவிக்கைப்படி ஒப்புதலான வரைபடம் என்று பாருங்கள், உயர் அலைக் கோட்டிலிருந்து மனையின் இரண்டு எல்லைக்கும் தூரம் எழுதி வாங்குங்கள். பழைய கரையோ மதகோ இருந்தால் அதையும் விசாரியுங்கள், 1991 பிப்ரவரிக்கு முன் கட்டியது என்று நிரூபிக்க முடிந்தால் 2019 விதிப்படி கோடு அதோடு நின்றுவிடும். விற்பவர் அதெல்லாம் எதற்கு என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சித்தப்பா மனையில் இப்போது தென்னங்கன்று வைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றப் போகிறார். ரோட்டோரம் அந்த 17 மீட்டரை மட்டும் ஒன்றும் நடாமல் விட்டு வைத்திருக்கிறார்.