பென்சன் இல்லாத வேலையும் ஒரு வேலைதான்

மருமகனுக்கு நிலாவெளியில் முதல் வேலை கிடைத்ததை இங்கே பதிவாகப் போட்டேன். அதற்குக் கீழே ஒருவர் எழுதிய அந்த ஒற்றை வரியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பென்சன் இல்லாத வேலையெல்லாம் ஒரு வேலையா?" இரண்டு நாளாக அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. பையன் வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பென்சன் நல்லதுதான், நான் மறுக்கவேயில்லை. எங்கள் அப்பா கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் பிறந்தால் பென்சன் வங்கிக்கு வந்துவிடும். அந்தத் தொகையைத் தீர்மானித்தது அவருடைய கடைசிச் சம்பளமும் எத்தனை வருடம் வேலை செய்தார் என்பதும். சந்தை விழுந்தாலும் வட்டி குறைந்தாலும் அது அரசாங்கத்தின் தலைவலி, அப்பாவின் தலைவலி இல்லை.

தனியார் வேலைக்காரருக்குப் பென்சனுக்குப் பதிலாக இருக்கும் ஊழியர் சேமலாப நிதி, அந்த ஈ.பி.எஃப் அப்படியில்லை. அங்கே யாரும் இவ்வளவு தருவோம் என்று சொல்லவில்லை. உன் பெயரில் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ, அதற்கு எவ்வளவு வட்டி போட்டார்களோ, அவ்வளவுதான் உனக்கு. அதனால் முதல் மாதத்திலிருந்தே பணம் சரியாகப் போகிறதா என்று பார்க்கவேண்டியவன் நீதான். இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மருமகனின் சம்பளச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 45,000 ரூபா. அவன் பங்கு 8 வீதம், 3,600. முதலாளி தன் கையிலிருந்து போடவேண்டியது 12 வீதம், 5,400. இரண்டும் சேர்ந்து மாதம் 9,000 அவன் கணக்குக்குப் போகவேண்டும். ஈ.டி.எஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் வேறு, அது முழுக்க முதலாளியின் காசு, தொழிலாளியின் சம்பளத்தில் தொடக்கூடாது. ஆனால் சீட்டில் பிடித்திருந்தது 2,400. பையனுக்கு சந்தோஷம், "குறையத்தான் பிடிச்சிருக்கு மாமா" என்றான். 2,400 என்றால் 30,000க்குத்தான் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் முதலாளியின் பங்கும் 3,600 ஆகிவிடும், மொத்தம் 6,000. அவன் கணக்கில் மாதம் 3,000 குறைகிறது, வருடத்துக்கு 36,000. சராசரியாக 9 வீத வட்டி கிடைத்தால் இந்த முதல் வருடத்து 36,000 மட்டும் 30 வருடத்தில் கிட்டத்தட்ட நாலே முக்கால் லட்சம் ஆகியிருக்கும். பென்சன்காரருக்கு இந்தக் கவலை கிடையாது, முதல் வருடச் சீட்டில் பிழை வந்தாலும் கடைசிச் சம்பளம்தான் பேசும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. இருபத்தி மூன்று வயதில் ஒரு கடையில் நான்கு வருடம் வேலை செய்தேன். மாதாமாதம் 8 வீதத்தைப் பிடித்தார்கள், சீட்டில் அழகாக எழுதியும் இருந்தது. விலகும்போது விசாரித்தால் கணக்கில் பாதி மாதங்கள் இல்லை. பிடித்த காசை அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டவேண்டும் என்பது சட்டம். தொழில் திணைக்களத்துக்கு எத்தனை தடவை நடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும், வந்தது கொஞ்சம்தான். சீட்டில் எழுதியிருப்பதும் கணக்கில் விழுவதும் ஒன்றில்லை. அங்கத்துவ இலக்கம் கேட்டு வாங்கி, மத்திய வங்கியின் இருப்பு விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது சிலர் வருவார்கள், "2022இல் விலைவாசி எழுபது வீதம் ஏறியபோது உங்கள் ஈ.பி.எஃப் 9 வீதம்தானே கொடுத்தது" என்று. உண்மை. அந்த வருடம் எல்லோருடைய சேமிப்பும் கரைந்தது, எனக்கும் வயிறு எரிந்தது. அதற்குப் பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. "55 வயதில் மொத்தமாகக் கையில் வந்தால் கல்யாணம் வீடு என்று கரைந்துவிடும், பென்சன் சாகும்வரை வரும், அப்புறம் மனைவிக்கும் வரும்" என்பார்கள். அதுவும் சரிதான், எங்கள் அம்மாவை நினைத்தால் மறுக்கமுடியாது. ஆனால் அரசாங்க வேலையை இடையில் விட்டுவிட்டு வந்தால் பொதுவாகப் பென்சன் கிடையாது. ஈ.பி.எஃப் பணம் வேலை மாறினாலும் உன் பெயரிலேயே கிடக்கும். இதை மட்டும் ஏன் யாரும் சொல்வதில்லை?

சொல்லப்போனால் எனக்குக் கோபம் பென்சன் மேல் இல்லை. திருகோணமலையில் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் அரசாங்க வேலை எங்கே இருக்கிறது? இருபத்தியிரண்டு வயதுப் பையன், முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்தவன். அவனிடம் "சீட்டைக் காட்டு, சரியாகக் கட்டுகிறார்களா பார்ப்போம்" என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, ஒரு வரியில் அவனைச் சிறுமைப்படுத்தத்தான் தோன்றியது.

நேற்று இரவு நியமனக் கடிதத்தையும் சீட்டையும் பக்கத்தில் வைத்து அவனே கணக்குப் போட்டான். திங்கட்கிழமை அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேட்கப் போகிறான்: ஏன் 30,000க்குப் பிடித்தீர்கள், என் அங்கத்துவ இலக்கம் என்ன.