காளான் கடையும் கண்டக்டர் கணக்கும்

(திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நிறைந்த ஒரு தெரு. பூட்டிய கடை ஒன்றின் படியில் சுப்பு, கையில் வாடகைப் பத்திரத்தோடு. பக்கத்தில் அவன் தாய்மாமன் ராசு. டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். விசில் மட்டும் இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது.)

சுப்பு: சாட்சிக் கையெழுத்து ஒன்று போட்டுவிடுங்க மாமா. ஒன்றரை லட்சம் அட்வான்ஸ், மாதம் 15,000 வாடகை. காளான் கடைக்கு இப்படி ஓர் இடம் கிடைக்காதுங்க.

ராசு: எப்படித் தெரியும்?

சுப்பு: எண்ணிப் பார்த்தேனுங்க. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு வரச்சொல்லிக் கடைக்காரரே கூப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் 1,140 பேர்! ஐந்து மணி நேர வியாபாரம் என்றால் 5,700. நூற்றுக்குப் பத்துப் பேர் சாப்பிட்டாலும் 570 பிளேட்.

ராசு: மாப்ளெ, பொண்ணு பார்க்கிற அன்றைக்குக் கட்டியிருக்கும் சேலையைத்தான் அவர் காட்டியிருக்கிறார். ஞாயிறு பனியன் கம்பெனிக்கெல்லாம் லீவு. சனிக்கிழமை வாங்கிய வாரச் சம்பளத்தோடு ஊரே தெருவில் இருக்கும். செவ்வாய்க்கிழமை எண்ணினாயா?

சுப்பு: செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் செய்யக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க.

ராசு: எண்ணுவதற்கு எந்த நாளும் நல்ல நாள்தான். உட்கார். எந்நேரம் கடை திறப்பாய்?

சுப்பு: நாலரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும்.

ராசு: அப்போ காலையில் எத்தனை பேர் போனாலும் நமக்கு வேண்டாம். சாதாரண நாள் ஒன்று, சனி ஒன்று, ஞாயிறு ஒன்று. நாலரையிலிருந்து மணிக்கொருதரம் கால் மணி நேரம் எண்ணி, நாலால் பெருக்கு. இந்தா, புளியங்கொட்டை. ஆள் ஒருத்தர் போனால் இடது பையிலிருந்து வலது பைக்கு ஒரு கொட்டை.

(செவ்வாய்க்கிழமை. ஐந்தே முக்கால் மணி. சுப்பு வலது பை புடைக்க ஓடி வருகிறான்.)

சுப்பு: மாமா! ஐந்தரைக்கு ஷிஃப்ட் விட்டாங்க. கால் மணி நேரத்தில் 212 பேர்! நாலால் பெருக்கினால் 848!

ராசு: எல்லோரும் உன் கடைப் பக்கமா நடந்தார்கள்?

சுப்பு: தெருவில் நடந்தார்கள்.

ராசு: எந்த ஓரம்?

சுப்பு: ... எதிர் ஓரமுங்க.

ராசு: ஏன்னு யோசித்தாயா? உன் கடை மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்கும். எவன் இந்தப் பக்கம் நடப்பான்? சரி, கேட்டில் நிற்கும் கம்பெனி வேனில் ஏறுகிறவர்களுக்கும் கொட்டை போட்டாயா?

சுப்பு: ஆள்தானே மாமா?

ராசு: ஆள்தான், வாடிக்கை இல்லை. பஸ்ஸில் இது எனக்குப் பழகின விஷயம். 2021 மே மாதம் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமானது. பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னேயே பாஸ் உண்டு. படிக்கட்டு வரைக்கும் கூட்டம் நெரியும், பையில் சில்லறை சேராது. கூட்டம் வேறு, கலெக்ஷன் வேறு மாப்ளெ. கடை வாசலை ஒட்டி நடக்கிறவர்களை மட்டும் எண்ணு. இன்னொன்று, இந்த ஐந்தரை மணிக் கூட்டத்தை நாலால் பெருக்காதே. மடை திறந்த தண்ணீர் மாதிரி கால் மணியில் வடிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் முழுசாக எண்ண வேண்டும்.

(மறுநாளே புதிதாக எண்ணினார்கள். முதல் கால் மணியில் ஓரத்தோடு போனவர்கள் 61. பிறகு 30, 20, 19. ஆக மொத்தம் 130. பெருக்கியிருந்தால் 244 வந்திருக்கும். இதற்கு நடுவில் பீடிக்காரர் ஒருவர் போனில் பேசிக்கொண்டே ஒன்பது முறை குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சுப்பு ஒன்பது கொட்டை போட, மாமா எட்டைத் திரும்ப எடுத்தார். அந்த வாரம் சனி, ஞாயிறும் எண்ணி முடித்தார்கள்.)

சுப்பு: மாமா, ஐந்து மணி நேரத்துக்கும் சேர்த்து 810 பேருங்க. சனிக்கிழமை 1,500, ஞாயிறு 2,600. இதே ஓரம், இதே முறை.

ராசு: இனி இதில் எத்தனை பேர் நிற்பார்கள்? உன் பத்துக்குப் பத்திரம் கிடையாது. இதே மாதிரித் தெருவில் வேறு காளான் கடை இருக்கிறதல்லவா? அதற்கு எதிரில் உட்கார்ந்து எண்ணு. போனவர் எத்தனை, பிளேட் எத்தனை.

சுப்பு: நேற்றே நாம் ரெண்டு பேரும் போனோமே, மறந்துவிட்டீர்களா? ஒரு மணி நேரத்தில் 240 பேர் போனார்கள், 12 பிளேட் விற்றது. நூற்றுக்கு ஐந்து.

ராசு: சரி. போடு கணக்கை.

சுப்பு: சாதாரண நாள் 40 பிளேட், அஞ்சு நாளைக்கு 200. சனிக்கிழமை 75, ஞாயிறு 130. வாரத்துக்கு 405. ஏழால் வகுத்தால்... நாளைக்கு 58.

ராசு: பிளேட் 40 ரூபாய்க்கு விற்பாய். சரக்குச் செலவு?

சுப்பு: 18 ரூபாய் ஆகுமுங்க. முக்கால்வாசி முட்டைகோசும் மைதாவும்தான். காளான் பேருக்கு.

ராசு: அதைப் போர்டில் எழுதிவிடாதே. பிளேட்டுக்கு 22 மிச்சம். கடைக்கு நாளைக்கு வாடகை 500, கூட நிற்கிற பையனுக்கு 600, கேஸ், கரண்டுக்கு 300. மொத்தம் 1,400.

சுப்பு: 22ஆல் வகுத்தால்... 64 பிளேட்.

ராசு: 64 விற்றால் நீ சும்மா நின்றுவிட்டு வீட்டுக்குப் போகலாம். உனக்கும் 800 ரூபாய் கூலி வேண்டுமென்றால் 100 பிளேட். விற்கப்போவது 58.

(சுப்பு பத்திரத்தை மடித்து முகத்துக்கு விசிறிக்கொண்டான்.)

சுப்பு: வாடகையைக் குறைக்கச் சொன்னால்?

ராசு: 58ஐ 22ஆல் பெருக்கு, 1,276. அதில் 900 பையனுக்கும் கேஸுக்கும். 376 மிச்சம். மாதம் 11,000 வாடகை என்றால் நஷ்டம் நிற்கும். உன் கூலி அப்போதும் பூஜ்யம்தான்.

சுப்பு: கேட்டுப் பார்க்கிறேனுங்க. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. அந்தக் கடையில் விற்ற 12 பிளேட்டில், நான் ஒன்று சாப்பிட்டேன்.

ராசு: அதனால் என்ன, ஒன்றுதானே.

சுப்பு: நீங்க மூன்று சாப்பிட்டீங்க மாமா.

(நீண்ட அமைதி. ராசு சட்டைப்பையில் இருந்த விசிலைத் தடவிக்கொண்டார்.)

ராசு: ஆய்வு செய்யும்போது பசிக்கும் மாப்ளெ.

சுப்பு: அப்படியென்றால் வெளியாள் வாங்கியது 8 பிளேட். 58ஐ 12ஆல் வகுத்து 8ஆல் பெருக்கினால்... 39.

(போன் அடிக்கிறது. கடைக்காரர்.)

சுப்பு: வணக்கமுங்க... ஆமாங்க, பத்திரம் கையில்தான் இருக்கு... இல்லைங்க, இன்னும் கையெழுத்துப் போடலை. எதிர் ஓரத்தில், கிழக்குப் பார்த்த கடை ஏதாவது காலியாக இருந்தால் சொல்லுங்க. மாமாவோடு வந்து எண்ணிவிட்டுப் பேசுகிறேன்... சாப்பிட்டுவிட்டுத்தான் வருவோமுங்க.